ஐம்பது நிமிடத்தில் எவ்வளவு தூரம் ஓடலாம்? கணக்குப் போடும் வரிசை

பாளையங்கோட்டை மைதானத்தில் காலையில் ஓடுகிறவர்களில் பாதிப்பேர் ஏதாவது ஒரு தேர்வுக்குத் தயாராகிறவர்கள், மீதிப்பேர் டாக்டர் சொல்லி வந்தவர்கள். இரண்டு கூட்டத்திலும் ஒரே கேள்வி வரும்: "அண்ணாச்சி, அம்பது நிமிஷம் ஓடுனா எத்தன கிலோமீட்டர் வரும்?" வகுத்துச் சொல்லிவிடலாம்தான். ஆனால் அந்த விடையை நம்பி ஓடப் போகிறவர் கால் மணி நேரத்தில் மூச்சு வாங்கி நிற்பதையும், இல்லையென்றால் வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளி நேரம் முடிந்து நடந்து வருவதையும் பார்த்துப் பார்த்துத்தான் இந்த வரிசையை எழுதுகிறேன். வகுத்தல் இதில் மூன்றாவது படி. அதற்கு முன்னால் இரண்டு, பின்னால் நான்கு இருக்கிறது.

இந்தக் கட்டுரையில் பேஸ் என்று சொல்வது ஒரு கிலோமீட்டர் ஓட ஆகும் நேரத்தை. 6:30 பேஸ் என்றால் கிலோமீட்டருக்கு 6 நிமிடம் 30 நொடி. எண் குறைந்தால் வேகம் கூடுகிறது என்று அர்த்தம், இது புதிதாக வருகிறவர்களைக் கொஞ்ச நாள் குழப்பும், அப்புறம் பழகிவிடும்.

1. பேஸை அளந்து எடுங்கள், ஞாபகத்திலிருந்து எடுக்காதீர்கள்

"நான் அஞ்சரை பேஸ்ல ஓடுவேன்" என்று சொல்பவரிடம் எப்போது ஓடினீர்கள் என்று கேட்டால், போன வருடம் ஒருநாள் ஒரே ஒரு கிலோமீட்டர் ஓடியதாக இருக்கும். கணக்குக்கு வேண்டியது கடந்த இரண்டு மூன்று வாரத்துக்குள், தூரம் தெரிந்த இடத்தில், நிற்காமல் குறைந்தது மூன்று கிலோமீட்டராவது ஓடி எடுத்த நேரம். குறைந்த தூரத்தில் எடுத்த பேஸ் உங்கள் வேகத்தைக் காட்டும், தாங்கும் சக்தியைக் காட்டாது. நமக்கு வேண்டியது இரண்டாவது.

தூரத்துக்கு 400 மீட்டர் டிராக்தான் நல்லது. ஆனால் 400 என்பது உள்பக்க முதல் லேனுக்கு மட்டும். ஒவ்வொரு லேன் வெளியே போகப் போக ஒரு சுற்றுக்கு ஏழெட்டு மீட்டர் கூடும். கூட்டமாக இருக்கிறதே என்று நான்காவது லேனில் ஓடிக்கொண்டு 400, 400 என்று எண்ணினால், பத்து சுற்றில் இருநூறு மீட்டருக்கு மேல் கூடுதலாக ஓடியிருப்பீர்கள், பேஸ் கணக்கில் மட்டும் மெதுவாகத் தெரிவீர்கள்.

போனை வைத்து அளப்பவர்கள் ஒரு விஷயம் பார்க்க வேண்டும். பல ஓட்டச் செயலிகளில் நீங்கள் நின்றால் தானாகவே கடிகாரத்தை நிறுத்தும் வசதி இருக்கும். வண்ணார்பேட்டையில் சாலையைக் கடக்க நின்றது, நாய்க்குப் பயந்து நின்றது, தண்ணீர் குடிக்க நின்றது எல்லாம் கழிந்துபோய், கடைசியில் காட்டும் சராசரி பேஸ் அழகாக இருக்கும். ஐம்பது நிமிடம் என்பது சுவர்க் கடிகாரத்தின் ஐம்பது நிமிடம். அதனால் அந்த வசதியை அணைத்துவிட்டு ஓடுங்கள், இல்லையென்றால் மொத்த நேரத்தை மொத்த தூரத்தால் நீங்களே வகுத்துக்கொள்ளுங்கள்.

2. ஐம்பது நிமிடத்தில் எவ்வளவு ஓட்டம் என்று பிரியுங்கள்

ஐந்தரை மணிக்குக் கிளம்பி ஆறு இருபதுக்கு வீட்டில் இருக்க வேண்டும் என்பவருக்கு ஐம்பது நிமிடம் ஓட்டம் கிடையாது. முதலில் ஐந்து நிமிடம் நடந்து உடம்பைச் சூடாக்குவார், கடைசியில் ஐந்து நிமிடம் நடந்து ஆற்றுவார். ஓட்டம் நாற்பது நிமிடம். இதை முதலிலேயே பிரிக்காமல் 50-ஐ வகுத்துவிட்டு அப்புறம் "கொஞ்சம் குறைச்சுக்கலாம்" என்று விட்டால், எவ்வளவு குறைப்பது என்று யாருக்கும் தெரியாது.

நடைக்குக் கிலோமீட்டருக்கு 12 நிமிடம் என்று வைத்தால் பத்து நிமிட நடை 0.83 கிலோமீட்டர். ஓட்டம் 6:30 பேஸ் என்றால் நாற்பது நிமிடத்துக்கு 6.15. மொத்தம் ஏறத்தாழ 7 கிலோமீட்டர். முழு ஐம்பதையும் ஓட்டமாக வைத்திருந்தால் 7.7 வந்திருக்கும். இந்த எழுநூறு மீட்டர் வித்தியாசத்தில்தான் பலர் ஆபீசுக்குத் தாமதமாகப் போகிறார்கள்.

3. நொடியாக மாற்றி வகுக்கவும்

ஐம்பது நிமிடம் என்றால் 3000 நொடி. பேஸையும் நொடியாக்குங்கள், 6:30 என்றால் 390. 3000-ஐ 390-ஆல் வகுத்தால் 7.69 கிலோமீட்டர்.

ஏன் நொடி என்றால், இங்கேதான் மிக அதிகமானவர்கள் விழுகிறார்கள். 6:30-ஐ கால்குலேட்டரில் 6.30 என்று தட்டுகிறார்கள். முப்பது நொடி அரை நிமிடம், ஆகவே அது 6.5. 50-ஐ 6.30-ஆல் வகுத்தால் 7.94 வரும், 250 மீட்டர் கூடுதல். தப்பு எப்போதும் ஒரே பக்கம்தான் சாயும், உங்களை வேகமாகக் காட்டும் பக்கம். அதனால் சந்தோஷத்தில் யாரும் சரிபார்ப்பதில்லை.

ஓடிக்கொண்டே மனதில் போட வேண்டுமென்றால் வேறு வழி. முழுக் கிலோமீட்டர் எத்தனை அடங்கும் என்று பாருங்கள்: ஏழு கிலோமீட்டருக்கு 45:30. மிச்சம் நாலரை நிமிடம். ஆறரையில் நாலரை என்றால் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்று மேல். ஆக ஏழே முக்காலுக்குக் கொஞ்சம் குறைவு. இது போதும்.

டிரெட்மில்லில் ஓடுகிறவர்களுக்கு பேஸ் தேவையில்லை. திரையில் மணிக்கு 9 கிலோமீட்டர் என்றால் அதில் ஆறில் ஐந்து பங்கு, 7.5. ஆனால் இயந்திரம் மைலில் காட்டுகிறதா, கிலோமீட்டரில் காட்டுகிறதா என்று ஒருதடவை பார்த்துவிடுங்கள்.

4. அந்த பேஸ் ஐம்பது நிமிடம் தாங்குமா?

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். இதற்குக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

மத்திய ஆயுதக் காவல் படைகளுக்கான எஸ்.எஸ்.சி. ஜி.டி. தேர்வில் ஆண்களுக்கு 5 கிலோமீட்டரை 24 நிமிடத்தில் முடிக்க வேண்டும். அதற்கு உழைத்து, சரியாக 24 நிமிடத்தைத் தொட்ட ஒரு தம்பி கேட்டான், இதே மாதிரி ஐம்பது நிமிடம் ஓடினால் எவ்வளவு வரும் என்று. அவன் பேஸ் 4:48, அதாவது 288 நொடி. 3000-ஐ 288-ஆல் வகுத்தால் 10.42 கிலோமீட்டர்.

வகுத்தல் சரி, விடை தப்பு. 24 நிமிடத்தில் முழு பலத்தையும் இறக்கி முடித்தவனிடம், அதே வேகத்தில் இன்னும் 26 நிமிடம் போ என்று சொல்வதாகிறது. நேரம் நீள நீள ஒருவர் தாங்கக்கூடிய வேகம் குறையும். எவ்வளவு குறையும் என்பதற்கு பீட்டர் ரீகல் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1977-ல் வெளியிட்ட சூத்திரம் இன்றைக்கும் ஓட்டக்காரர்களிடம் புழக்கத்தில் இருக்கிறது. தூரம் கூடும்போது நேரம் அதே விகிதத்தில் கூடாமல், அந்த விகிதத்தின் 1.06 அடுக்காகக் கூடும் என்பது அதன் சாரம். நமக்கு நேரம் தெரியும், தூரம் வேண்டும் என்பதால் திருப்பிப் போட வேண்டும். விரிதாளில் இப்படித் தட்டினால் போதும்:

```
=5*(50/24)^(1/1.06)
```

முதலில் இருக்கும் 5 நீங்கள் ஓடிய தூரம், 24 அதற்கு எடுத்த நிமிடம். விடை 9.99. அந்தத் தம்பிக்கு ஐம்பது நிமிடத்தில் பத்து கிலோமீட்டர் கிட்டத்தட்ட கச்சிதமாக வருகிறது, நேர் வகுத்தல் சொன்ன 10.42 வரவில்லை. நானூறு மீட்டருக்கு மேல் வித்தியாசம், டிராக்கில் ஒரு முழுச் சுற்று.

விரிதாள் இல்லாத இடத்தில் ஒரு எளிய வழி வைத்திருக்கிறேன். இதே சூத்திரத்தில், ஓடும் நேரம் இரண்டு மடங்கானால் பேஸ் சுமார் 4 சதவீதம் மெதுவாகும். 24 நிமிடம் இரண்டு மடங்கானால் 48, ஐம்பதுக்குப் பக்கம்தான். 288 நொடியோடு 4 சதவீதம், அதாவது பதினொன்று பன்னிரண்டு நொடி சேர்த்தால் 300. ஐந்து நிமிட பேஸ். 3000-ஐ 300-ஆல் வகுத்தால் பத்து. பேப்பர் பேனா கூட வேண்டாம்.

தமிழ்நாடு காவலர் தேர்வுக்கு 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓடிப் பழகியவர்களுக்கு இது இன்னும் முக்கியம். அவர்கள் பேஸ் 4:40. நேராக வகுத்தால் ஐம்பது நிமிடத்துக்கு 10.7 கிலோமீட்டர் என்று காட்டும். ஆனால் ஏழு, பதினாலு, இருபத்தெட்டு, ஐம்பத்தாறு என்று கிட்டத்தட்ட மூன்று தடவை நேரம் இரட்டிக்கிறது. சூத்திரப்படி பேஸ் 5:13 ஆகி, தூரம் 9.6-க்குக் கீழே இறங்குகிறது. அதுவும் நீண்ட தூரம் ஓடிப் பழகியிருந்தால்தான். இதுவரை அரை மணி நேரத்துக்கு மேல் ஓடியே பார்க்காதவருக்கு இந்தச் சூத்திரம் தாராளமாகச் சொல்கிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன், இரட்டிப்புக்கு 4 என்பதற்குப் பதிலாக 6 சதவீதம் கூட்டிப் பார்க்கச் சொல்வேன். நானூறு மீட்டர் நேரத்தை வைத்து ஐம்பது நிமிடத்தைக் கணிப்பது வேண்டவே வேண்டாம், அது வேறு வகை ஓட்டம்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. ரீகல் சூத்திரம் முழு முயற்சியில் ஓடுவதற்கானது. தினமும் காலையில் பக்கத்தில் ஓடுபவரோடு இரண்டு வாக்கியம் பேசிக்கொண்டே ஓடும் பேஸ் என்றால், அதில் இன்னும் கையிருப்பு இருக்கிறது, ஐம்பது நிமிடம் தாங்கும். அதற்குச் சூத்திரம் வேண்டாம், மூன்றாவது படியில் போட்ட நேர் வகுத்தலே போதும். ஆக நீங்கள் கையில் வைத்திருக்கும் பேஸ் எந்த வகை என்று முதலில் முடிவு செய்யுங்கள். பேசிக்கொண்டு ஓடியதா, பல்லைக் கடித்துக்கொண்டு ஓடியதா?

5. ஓட்டமும் நடையும் கலந்தால் தூரத்தைக் கூட்டுங்கள்

டாக்டர் சொல்லி வந்த கூட்டத்துக்கு இந்தப் படி. எட்டு நிமிடம் 6:30 பேஸில் ஓடுகிறார், இரண்டு நிமிடம் நடக்கிறார், இப்படி ஐந்து முறை. இவர் எவ்வளவு போவார்?

வழக்கமாகப் போடும் தப்புக் கணக்கு: எட்டு பங்கு 6:30, இரண்டு பங்கு 12:00, சராசரி 7:36, ஆகவே 6.58 கிலோமீட்டர். சரியாகப் போட்டால் எட்டு நிமிட ஓட்டம் 1.23 கிலோமீட்டர், இரண்டு நிமிட நடை 0.17, ஒரு சுற்றுக்கு 1.40, ஐந்து சுற்றுக்கு 7 கிலோமீட்டர். நானூறு மீட்டர் தப்பு, இந்தத் தடவை குறைவாகக் காட்டும் பக்கம்.

காரணம் இதுதான். பேஸ் என்பது ஒரு தூரத்துக்கு ஆகும் நேரம். ஒவ்வொரு பேஸிலும் ஒரே அளவு தூரம் போனால் இரண்டையும் கூட்டி இரண்டால் வகுக்கலாம். இங்கே நிமிடத்தைத்தான் பங்கு பிரித்திருக்கிறோம், தூரத்தை அல்ல. நிமிடத்தால் பிரித்திருந்தால் ஒவ்வொரு துண்டுக்கும் தூரம் கண்டுபிடித்துக் கூட்டுவது ஒன்றுதான் வழி. சந்தேகம் வரும்போதெல்லாம் தூரத்தைக் கூட்டுங்கள், தப்பு வராது.

6. ஊரைக் கணக்கில் சேருங்கள்

டிராக்கில் எடுத்த பேஸ் சாலையில் அப்படியே வராது. நம்ம ஊரில் முக்கியமாக இரண்டு விஷயம்: ஆனி ஆடிக் காற்று, சித்திரை வைகாசி வெயில்.

காற்றை முதலில் எடுத்துக்கொள்வோம். தென்மேற்குப் பருவத்தில் செங்கோட்டைக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து அடிக்கும் காற்று தென்காசியில் ஆளையே தள்ளும், பாளை வரைக்கும் தெரியும். பாளையிலிருந்து மேற்கே ஆற்றுப் பாலம் தாண்டி டவுன் பக்கம் போய்த் திரும்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிர்காற்றில் 6:50, திரும்பும்போது 6:20. இங்கே போன தூரமும் வந்த தூரமும் ஒன்று என்பதால், மேலே சொன்னபடி பேஸைச் சராசரி எடுக்கலாம்: 6:35. ஐம்பது நிமிடத்துக்கு 7.6 கிலோமீட்டர், ஆகவே 3.8-ல் திரும்ப வேண்டும்.

பெரும்பாலோர் தூரத்தைப் பார்க்காமல் 25 நிமிடம் ஆனதும் திரும்புகிறார்கள். எதிர்காற்றில் போனால் பாதகமில்லை, 3.66 கிலோமீட்டரில் திரும்பி, வீடு வந்து சேரும்போது இரண்டு நிமிடம் மிச்சம் இருக்கும். கே.டி.சி. நகர் பக்கம் கிழக்கே காற்றோடு போனால்தான் வம்பு. 25 நிமிடத்தில் 3.95 கிலோமீட்டர் போய்விடுவீர்கள், சுகமாகத்தான் இருக்கும், திரும்பும்போது எதிர்காற்றில் 27 நிமிடம் ஆகும். களைத்த காலில் அதற்கு மேலும் ஆகும். காற்றுக் காலத்தில் முதலில் மேற்கே போங்கள், இல்லையென்றால் நேரத்தைப் பார்க்காமல் தூரத்தைப் பார்த்துத் திரும்புங்கள்.

வெயிலுக்கு அப்படி ஒரு சூத்திரம் என்னிடம் இல்லை. உடம்பைக் குளிரவைக்கத் தோலுக்கு ரத்தம் போக வேண்டியிருப்பதால் காலுக்குப் போகும் பங்கு குறைகிறது, அதே பேஸுக்கு இதயம் அதிகம் துடிக்கிறது. அதனால் ஐம்பது நிமிட ஓட்டத்தில் முதல் இருபது நிமிடம் ஒன்றும் தெரியாது, பின்பாதியில்தான் பேஸ் சரியும். மே மாதத்தில் சூரியன் மேலே வந்த பிறகு ஓடுவதென்றால் நான் கிலோமீட்டருக்கு 15 நொடி சேர்த்துக்கொள்வேன். மார்கழியில் எடுத்த பேஸை வைத்து சித்திரையில் கணக்குப் போடுவதைவிட, சித்திரையில் ஒருதடவை அளந்துவிடுவது மேல்.

சாலையில் நிற்கும் நேரத்தையும் கழித்துவிடுங்கள். முருகன்குறிச்சி, வண்ணார்பேட்டை பக்கம் போனால் இரண்டு நிமிடம் நிற்பது சாதாரணம். 6:30 பேஸில் அது 300 மீட்டர். அந்த 300-ஐ வேகமாக ஓடி ஈடுகட்டப் பார்ப்பவர்கள்தான் கடைசியில் நடக்கிறார்கள்.

7. ஒரு எண்ணாகச் சொல்லாமல் வரம்பாக வையுங்கள், ஓட்டத்தின் நடுவிலேயே சரிபாருங்கள்

7.69 என்று இரண்டு தசமம் போடுவது கால்குலேட்டருக்கு அழகு. உங்கள் பேஸே ஒரு நாளைக்கு ஒரு நாள் பத்து நொடி ஏறி இறங்கும். 6:30-ஐச் சுற்றி அந்தப் பத்து நொடி, ஐம்பது நிமிடத்தில் 200 மீட்டர். ஆகவே "ஏழரையிலிருந்து ஏழு தொள்ளாயிரம் வரை" என்பதுதான் நேர்மையான விடை. வேகமானவர்களுக்கு அதே பத்து நொடி இன்னும் பெரிதாகத் தெரியும்: 5:00 பேஸில் 300 மீட்டருக்கு மேல். மெதுவாக 8:00 பேஸில் ஓடுபவருக்கு 130 மீட்டர்தான். திரும்பும் இடத்தை வரம்பின் கீழ் எண்ணை வைத்து முடிவு செய்யுங்கள், நேரம் மிஞ்சினால் வீட்டுத் தெருவிலேயே ஒரு சுற்று கூட வரலாம்.

சரி, அந்த 24 நிமிடத் தம்பிக்கு வருவோம். பத்து கிலோமீட்டர் என்றால் முதல் லேனில் 25 சுற்று, சுற்றுக்குச் சரியாக இரண்டு நிமிடம். அவன் பத்தாவது நிமிடத்தில் ஐந்தாவது சுற்றை முடிக்க வேண்டும். 9:20-க்கே முடித்துவிட்டான் என்றால் 4:40 பேஸில் ஓடுகிறான், அது அவனுடைய 5 கிலோமீட்டர் பேஸையும்விட வேகம், இப்படியே போனால் முப்பதாவது நிமிடத்துக்கு மேல் சுற்றுக்கு இரண்டேகால் நிமிடம் என்று சரியும். அந்த இடத்திலேயே குறைக்கச் சொல்ல வேண்டும். 10:20-க்கு முடித்தால் விரட்ட வேண்டாம், 9.7 கிலோமீட்டர் என்று கணிப்பை மாற்றிக்கொண்டு அப்படியே ஓடவிடுங்கள். முப்பதாவது நிமிடத்தில் இன்னொரு தடவை பாருங்கள், 15 சுற்று வந்திருக்க வேண்டும்.

ஓடி முடித்ததும் கிடைத்த தூரத்தைத் தேதியோடும் நேரத்தோடும் எழுதி வையுங்கள். அடுத்த முறை ஐம்பது நிமிடத்துக்குக் கணக்குப் போட 5 கிலோமீட்டர் நேரமும் வேண்டாம், ரீகலும் வேண்டாம். இந்த எண்ணை எடுத்து, வெயிலுக்கும் காற்றுக்கும் மட்டும் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம்.